"இனி வராதீங்க டீச்சர்"

2023 ஜூன் 14, பள்ளி திறந்த வாரம். உறையூரில் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி இரண்டாவது திருப்பத்தில், யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணலில் வண்டி சறுக்கியது. இடது முழங்கால் நேராகத் தரையில் போய் இடித்தது. எழுந்து உட்கார்ந்து காலை நீட்டப் பார்த்தேன், வரவில்லை. முட்டிச்சில்லு இரண்டாக உடைந்து, மேல் துண்டைத் தொடைத் தசை மேலே இழுத்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் ஆபரேஷன். இரண்டு கம்பிகளை ஊடே செலுத்தி, எஃகு வயரை எட்டுப் போலச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். கணவர் சவூதியில், மகன் கோவையில் ஹாஸ்டலில். நாலாம் நாள் வாக்கரோடு வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் தனிதான். பக்கத்து வீட்டு அக்கா சோறு கொடுத்து அனுப்புவார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதில் எனக்குக் குறையே இல்லை. எலும்பு ஆறு வாரத்தில் சேர ஆரம்பித்துவிட்டது. நான் ஒன்பது மாதம் பட்ட பாடு எலும்பால் வந்ததல்ல. எலும்பு சேர்ந்துகொண்டிருந்த காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நான் சும்மா கிடந்ததால் வந்தது. அதோடு, என்னைக் கடைசியாகக் குணமாக்கிய பிசியோ தம்பி என்னை வழியனுப்பிய விதத்தையும் எழுத வேண்டும். ஒரு பிசியோதெரபி எப்படி முடிய வேண்டும் என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லியிருந்தால், அது எப்படித் தொடங்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று கால் முழுக்க நீளும் பிரேஸ் ஒன்றைப் போட்டு, "ஆறு வாரம் கழட்டாதீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார்கள். என்ன எக்சர்சைஸ் என்று காட்ட யாரும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. வலி, பயம், வயர் அறுந்துவிடுமோ என்ற கவலை. ஆறு வாரம் காலை ஆட்டாமல் அசைக்காமல் கண்ணாடிப் பாத்திரம் போலக் காப்பாற்றினேன். பிரேஸைக் கழற்றிய அன்று பார்த்தால் இடது தொடை என் தொடை மாதிரியே இல்லை. தசை வற்றித் தோல் தொளதொளவென்று கிடந்தது. முழங்கால் 35 டிகிரிதான் மடங்கியது. 35 டிகிரி என்றால் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இதே நிலையில் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த வாரம் எத்தனை டிகிரி வரை மடக்கலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வயர் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது ஆபரேஷன் செய்தவருக்குத்தான் தெரியும், ஆளுக்கு ஆள் அது மாறும். இரண்டாவது, பிரேஸ் போட்டபடியே என்ன செய்யலாம் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்துவது போலத் தொடையை இறுக்கி, பத்து எண்ணி விடுவது என்று ஒன்று இருக்கிறது. அதில் முட்டி மடங்குவதே இல்லை. மருத்துவர் சரி என்றால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம். இந்த ஒன்றை மட்டும் எனக்குக் காட்டியிருந்தால் என் தொடை அந்த அளவு வற்றியிருக்காது.

அப்புறம் நடந்ததுதான் பணம் போன கதை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிசியோ சென்டரில் பத்து சிட்டிங் 3,500 ரூபாய் என்று பேக்கேஜ் எடுத்தேன். படுக்க வைத்து முட்டியைச் சுற்றி நாலு பேடு ஒட்டி மிஷினைப் போடுவார்கள், சுருசுருவென்று இருக்கும். இருபது நிமிடம் கழித்து ஒரு பெண் வந்து ஜெல் தடவி இன்னொரு மிஷினை வட்டமாகத் தேய்ப்பார். கடைசியில் ஐந்து முறை காலை மடக்கிவிட்டு "நாளைக்கு வாங்க" என்பார்கள். முப்பது சிட்டிங், 10,500 ரூபாய். ஒரு நாள்கூட யாரும் கோணமானி வைத்து அளக்கவில்லை. எப்போது முடியும் என்று கேட்டால் "போகப் போகச் சரியாகும்" என்பார்கள். அந்த மிஷின்கள் வலியைக் குறைக்கலாம். ஆனால் ஒட்டிக்கொண்ட முட்டியை அவை மடக்காது, வற்றிய தசையை வளர்க்காது. அது எனக்கு அப்போது தெரியாது.

பொறுமை போய், உறவினர் சொன்னார் என்று எண்ணெய் போட்டு நீவிவிடுபவரிடம் போனேன். அவர் ஒரே மூச்சில் காலை மடக்கினார். நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அன்றிரவு முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கியது. 2,500 ரூபாயும் போய், ஒரு வாரம் மடங்கியதும் போயிற்று. உள்ளே வயர் இருக்கும் முட்டியை அப்படி வேகமாக மடக்கினால் வயர் அறுந்து சில்லு மறுபடி பிரியக்கூட வாய்ப்பு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. நான் தப்பித்தேன், அவ்வளவுதான். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வேலைக்குத் திரும்புவதாக இருந்தவள் அக்டோபர் மூன்றாம் வாரம்தான் போனேன். தனியார் பள்ளி. பத்து வாரச் சம்பளம், ஏறக்குறைய 44,000 ரூபாய் போயிற்று.

பதினாலாவது வாரத்தில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் சொல்லித்தான் இந்தத் தம்பியிடம் போனேன். வயது முப்பதுக்குள் இருக்கும். முதல் மாடியில் சின்ன கிளினிக், பதினேழு படி. முதல் நாள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறினேன். மிஷின் எதுவும் வைக்கவில்லை. அரை மணி நேரம் அளந்தார். முட்டி 55 டிகிரி மடங்கியது. சில்லுக்கு மேல் 10 செ.மீ. உயரத்தில் தொடையைச் சுற்றி டேப் வைத்தார், வலது 44, இடது 40. காலை நீட்டியபடி தூக்கச் சொன்னார். தூக்கினேன், ஆனால் முட்டி லேசாகத் தொய்ந்தது. "இதுதான் டீச்சர் முதல் பிரச்சினை. மடங்குறது அப்புறம். நீட்டித் தூக்கும்போது தொய்யாம இருக்கணும்" என்றார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் சில்லைக் கீழே தள்ளிப் பார்த்தார். வலது சில்லு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இடது சில்லு பசை போட்டு ஒட்டியது போல அசையவே இல்லை. முட்டி மடங்க வேண்டுமென்றால் சில்லு கீழே இறங்க வேண்டும், அது இறங்காமல் காலை எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை என்றார். மூன்று மாதத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொல்லி, முதல் பக்கத்தில் நாலு வரி எழுதினார். நீட்டித் தூக்கும்போது தொய்யக் கூடாது. 120-க்கு மேல் மடங்க வேண்டும். தொடை வித்தியாசம் ஒரு செ.மீ.க்குள் வர வேண்டும். பதினேழு படியும் கைப்பிடி இல்லாமல், ஒரு படிக்கு ஒரு காலாக இறங்க வேண்டும். "இந்த நாலும் வந்துட்டா நீங்க இங்க வரத் தேவையில்ல. ஆறு வாரத்துல மடங்குறது கூடலைன்னா நானே உங்கள டாக்டர்கிட்ட திருப்பி அனுப்புவேன், சும்மா இழுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார். 120 ஏன் என்று கேட்டேன். சமதளத்தில் நடக்க 65 போதும், படி ஏறி இறங்க 90 வரை வேண்டும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ 100-க்கு மேல், தரையில் உட்கார்ந்து எழ அதற்கும் மேல் என்று விளக்கினார். பிசியோ தேடுகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது இதைத்தான்: எதை வைத்து முடிந்தது என்று சொல்வீர்கள்? பதிலில் ஒரு அளவு இருந்தால் தொடருங்கள். எத்தனை சிட்டிங் என்பது மட்டும் பதிலாக வந்தால் யோசியுங்கள்.

ஆறு மாத வைத்தியம் முழுவதையும் எழுதப் போவதில்லை. முதல் எட்டு வாரம் வாரம் மூன்று நாள். பதினைந்து நிமிடம் சூடு, பிறகு அவர் கையால் சில்லை நகர்த்துவார். அப்புறம் என் வேலை. சுவரோரம் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே வழுக்க விட வேண்டும். கால் தன் எடையாலேயே மடங்கும், யாரும் அமுக்க வேண்டியதில்லை. அந்த நிலையில் பத்து நிமிடம். ஒட்டிக்கொண்ட சதை வேகத்துக்கு இணங்காது, நேரத்துக்குத்தான் இணங்கும் என்று எண்ணெய் நீவலில் பட்ட பிறகு எனக்குப் புரிந்தது. வீட்டில் படுக்கையறைச் சுவரில் குதிகால் இறங்கும் இடத்தைத் தினமும் பென்சிலால் குறித்தேன். சில நாள் கோடு நகரவே நகராது. ஒரே கோட்டின் மேல் பதினோரு நாள் கோடு போட்டிருக்கிறேன், அது கறுத்துத் தடித்துப் போனது. அந்தப் பதினோரு நாளும் அழுதிருக்கிறேன். பிறகு ஒரே வாரத்தில் இரண்டு விரற்கடை இறங்கியது. அங்கே இருந்த சைக்கிளில் முதலில் பெடலை முன்னும் பின்னும் அரைவட்டம்தான் ஆட்ட முடிந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் தன்னாலே முழுச்சுற்றுப் போயிற்று. சுமார் 110 டிகிரி மடங்கினால்தான் அது சுற்றும். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பத்தாவது வாரம் வாக்கில் எனக்கு அவர் மேல் வருத்தம் வந்தது. வாரம் மூன்று நாளை இரண்டாகக் குறைத்தார். சில்லை நகர்த்துவதை என்னையே செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றார். பிறகு பக்கத்தில் நிற்பதையும் விட்டார். எண்ணிக்கை சொல்ல மாட்டார். பொங்கல் கழிந்து ஒரு நாள் போனபோது, "இன்னிக்கு என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். காசு வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விடுகிறாரே என்று வீட்டுக்கு வந்து புழுங்கினேன். கணவரிடம் போனில் சொல்லி அழுதேன். வேறு ஆளைப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அவர் என்னை வழியனுப்பத் தொடங்கிவிட்டார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முதலில் கையை எடுத்தார், பிறகு கண்ணை எடுத்தார், கடைசியாகத் தீர்மானிப்பதையும் என்னிடம் விட்டார். நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான்தான் கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். உங்கள் பிசியோ விலகுவது போலத் தோன்றினால் கேட்டுவிடுங்கள்: நான் தேறியதால் குறைக்கிறீர்களா, அல்லது உங்களுக்கு நேரமில்லையா? தேறியிருந்தால் நோட்டைத் திறந்து அளவைக் காட்டுவார்.

2024 மார்ச் 20, ஐம்பத்திரண்டாவது சிட்டிங். ஒரு சிட்டிங்குக்கு 350. ஆறு மாதத்துக்கு மொத்தம் 18,200 ரூபாய். அன்று கடைசி நாள் என்று போன வாரமே சொல்லியிருந்தார். முதல் நாள் அளந்த அதே வரிசையில் அளந்தார். நீட்டித் தூக்கினால் தொய்வு இல்லை. மடங்குவது 126. வலது முட்டி 140. "முழுசா 140 வரும்னு பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். இன்னும் ஒரு வருஷம் செஞ்சா கொஞ்சம் கூடும், எவ்வளவுன்னு சொல்ல முடியாது." தொடை 44-க்கு 43. "இந்த ஒரு சென்டிமீட்டர உங்ககிட்ட குடுத்து அனுப்புறேன்" என்றார். பிறகு ஒரு பலகையின் மேல் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும் வரை இறங்கி ஏற வேண்டும், முப்பது விநாடி. வலது காலில் 18 முறை, இடது காலில் 15. முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்று எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்தார். கடைசி மூன்று முறை லேசாகச் சாய்ந்தது. அதையும் நோட்டில் எழுதினார்.

மடித்த கம்பளத்தின் மேல் மண்டியிடச் சொன்னார். வயர் இருக்கும் இடத்தில் சுரீரென்றது. இது கம்பியின் மேல் தோல் அழுந்துவதால் வருவது, முட்டி கெட்டுப்போனதால் அல்ல. ரொம்பத் தொந்தரவாக இருந்தால் எலும்பு நன்றாகச் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், கம்பியை எடுப்பது பற்றி டாக்டரிடம் கேட்கலாம். தொந்தரவு இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும் என்றார். இதை அன்று சொல்லாமல் விட்டிருந்தால், வீட்டில் பூஜையறையில் மண்டியிட்டு முதல் தடவை வலித்தபோது நான் மறுபடி பிரேஸை மாட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

பிறகு அரை மணி நேரம் பேசினார். அதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. வாரம் மூன்று நாள் படியில் இறங்கி ஏறும் பயிற்சியும், நாற்காலியிலிருந்து எடையை இடது காலில் போட்டு எழும் பயிற்சியும். தினமும் ஐந்து நிமிடம் மடக்குவது. இவ்வளவுதான், நோட்டில் அரைப் பக்கம். எவ்வளவு செய்யலாம் என்று எப்படித் தெரியும் என்றேன். "மறுநாள் காலைல முட்டிகிட்ட கேளுங்க. செய்யும்போது பத்துக்கு மூணு வலி இருந்தா பரவாயில்ல. காலைல எழுந்தா பழைய மாதிரி ஆகியிருக்கணும். வீங்கியிருந்தாலோ, மடங்குறது குறைஞ்சிருந்தாலோ அடுத்த தடவை பாதியா குறைங்க. நிறுத்தாதீங்க, குறைங்க." வலித்தால் முழுவதும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருபவர்கள்தான் அதிகம், அந்த ஒரு மாதத்தில் தொடை மறுபடி வற்றிவிடும் என்றார்.

எப்போது அவரிடம் வராமல் நேராக டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையும் சொன்னார். முட்டியில் ஏதோ அறுந்தது போல இருந்து காலை நீட்டித் தூக்க முடியாமல் போனால் அன்றைக்கே. வயருக்கு மேலே தோல் சிவந்து சூடாக இருந்தால், நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே. குளிர்ச்சியான காலையில் விறைப்பாக இருப்பது, அதிக தூரம் நடந்த அன்று லேசாகக் கனப்பது, இவற்றுக்கெல்லாம் ஓட வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னதால் இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் வீணாகப் பதறவில்லை.

சரி, பங்குனியில் மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு ஏறிவிட்டு வருகிறேன், வேண்டுதல் இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஏறுறது உங்களால முடியும். இறங்குறதுதான் பாடு" என்றார். படி இறங்கும்போது சில்லின் மேல் உடல் எடையைப் போலச் சுமார் மூன்று மடங்கு அழுத்தம் விழும், தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்த வேண்டும், களைத்த தசையால் அது முடியாது. ஏறும்போது நன்றாக இருக்கிறதே என்று மேலே போய்விட்டு, இறங்கும்போது பாதியில் கால் நடுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் தாயுமானவர் சன்னதி வரை போய்த் திரும்புங்கள், மறுநாள் காலை முட்டியைப் பாருங்கள், இரண்டு வாரம் கழித்து உச்சிக்குப் போங்கள் என்றார். அப்படியே செய்தேன்.

கிளம்பும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆறு மாதமாக என் காலைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஒரே ஆள் அவர். மாதம் ஒரு தடவையாவது வரட்டுமா, காசு தருகிறேன் என்று கேட்டேன், கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். "எதுக்கு டீச்சர்? உங்களுக்குத் தெரியாதது எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல. ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவை வாங்க, அளந்து பாக்குறேன், காசு வேண்டாம்" என்றார். பழக்க தோஷத்தில் "சரி தம்பி, போயிட்டு வர்றேன்" என்றுவிட்டேன். "வராதீங்க டீச்சர், போங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பதினேழு படி. கைப்பிடியைத் தொடவில்லை. அவர் படிக்கட்டு வரை வரவில்லை, உள்ளேயே நின்றார். என் செருப்புச் சத்தம் ஒரே சீராக இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம், பிறகு சொன்னார்.

மே முதல் வாரம் நோட்டோடு போனேன். ஆறு வாரத்தில் பதினெட்டு நாள் செய்திருக்க வேண்டியதில் பதினாலு நாள்தான் செய்திருந்தேன், அதை மறைக்காமல் எழுதியிருந்தேன். 129 மடங்கியது. தொடை 43.5. பலகையில் இடது காலில் 17 முறை, முட்டி சாயவில்லை. என் கட்டிலில் ஒரு காலேஜ் பையன் படுத்திருந்தான், பைக் விபத்தாம், முட்டி 40 டிகிரி. சுவரில் பென்சில் கோடு போடுவதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கினேன்.